உதவி தேவை: பேக்கர்ஸ் மூவர்ஸ் பதிவுக்கான கேப்ஷன். எஸ்டிமேட், டிரான்சிட் கவர், புக்கிங் நாள் மூன்றையும் பயமுறுத்தாமல் சொல்வது எப்படி?

திருச்சி_பக்கம்:
திருச்சியில் இருக்கும் ஒரு பேக்கர்ஸ் மூவர்ஸ் கம்பெனிக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் பார்த்துக்கிறேன். இப்போ போட்டிருக்கிற கேப்ஷன் இது:

"கவனம்! சாமான் உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல. இன்சூரன்ஸ் எடுக்காதவர்களுக்கு இழப்பீடு கிடையாது. சர்வே பார்க்காமல் சொன்ன ரேட் மாறும். மாசக் கடைசியில் வண்டி கிடைக்காது, இன்றே புக் செய்யுங்கள்!"

இதைப் படிச்சுட்டுக் கூப்பிடுறவங்க முதல்ல கேட்கிறது "அவ்வளவு உடையுமா?"ன்னுதான். முதலாளி இந்த மூணு விஷயமும் கேப்ஷன்ல இருந்தே ஆகணும்னு சொல்றார். இல்லாட்டி இறக்குற இடத்துல தகராறு வருதாம். கவருக்கு, வாடிக்கையாளர் சொல்ற சாமான் மதிப்புல 3% வாங்குறாங்க. எப்படி எழுதலாம்?

விளம்பர_வரி:
இன்ஸ்டால முதல் ரெண்டு வரிதான் கண்ணுல படும், மீதி மடங்கிடும். "கவனம்!"ல ஆரம்பிச்சா அதோட முடிஞ்சது. உடைதல், இழப்புங்கிற வார்த்தையே வேண்டாம். "100% பாதுகாப்பு, முழு இன்சூரன்ஸ்"ன்னு போடுங்க. 3% வாங்குறீங்களே, அதுதானே இன்சூரன்ஸ். அது கட்டாதவங்க ஓனர்ஸ் ரிஸ்க்ல அனுப்புறாங்க, அவங்களுக்குச் சட்டப்படி எதுவும் தர வேண்டியதில்லை.

சரக்கு_மேசை:
முதல் ரெண்டு வரி பத்திச் சொன்னது சரி. மீதியை அப்படியே போட்டா சிக்கல்.

முதலாளிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அந்த 3% எங்கே போகுது? ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பிரீமியமாப் போய், வாடிக்கையாளர் பேர்ல சர்டிஃபிகேட் வருதா? அதுல எல்.ஆர்.ங்கிற லாரி ரசீது நம்பர், வண்டி நம்பர், சொன்ன மதிப்பு மூணும் இருக்குமா? இருந்தா "டிரான்சிட் இன்சூரன்ஸ்"னு எழுதலாம். பணம் கம்பெனியிலேயே நின்னு, ஏதாவது ஆச்சுன்னா அவங்களே கொடுக்கிறாங்கன்னா அது இன்சூரன்ஸ் இல்ல, கம்பெனி ஏத்துக்கிற பொறுப்பு. ஊர்ல ரெண்டும் நடக்குது, ரெண்டுக்கும் ஒரே பேர் சொல்றாங்க. தகராறு பாதி அங்கதான் பிறக்குது.

"பொறுப்பல்ல"ங்கிற வரியும் நிக்காது. 2007-ம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குச் சட்டமும் 2011 விதிகளும் சரக்கு ஏத்திப் போறவங்களுக்குப் பொறுப்பு வெச்சிருக்கு. கூடுதல் மதிப்பு சொல்லி அதுக்கான கட்டணம் கட்டாத சரக்குக்கு, வாடகையில 10 மடங்கு வரைக்கும்னு ஒரு வரம்பு, அவ்வளவுதான். பூஜ்யம் கிடையாது. சட்டத்துல நிக்காத ஒரு வரியைப் போட்டு ஜனங்களைப் பயமுறுத்துறதை முதல்ல எடுத்துடுங்க.

திருச்சி_பக்கம்:
கேட்டேன். ரெண்டும் உண்டாம். வெளியூர் போற லோடுக்கு உண்மையான பாலிசி, சர்டிஃபிகேட் தர்றாங்க. ஊருக்குள்ள ஷிஃப்டிங்குக்குக் கம்பெனியே பொறுப்பு, அதுக்கு 3% கிடையாது.

சரக்கு_மேசை:
அப்ப கேப்ஷன்ல அப்படியே ரெண்டாப் பிரிச்சு எழுதுங்க. ஒரு வரி கூடும், பரவாயில்ல.

இப்ப எஸ்டிமேட். "ரேட் மாறும்"னு எழுதினா ஏமாத்துவாங்கன்னு படும். ரேட் எதை வெச்சு வருதுன்னு எழுதினா அதே விஷயம் நிதானமாப் போய்ச் சேரும். ஒரு கணக்கு பாருங்க. 14 அடி வண்டியோட உள்அளவு சுமார் 14 x 6 x 6, அதாவது 500 கன அடிக்குக் கிட்ட. தில்லைநகர்ல ரெண்டு பெட்ரூம் வீடு, போன்ல "சாதாரணச் சாமான்தான்"னு சொல்றாங்க. 450-ன்னு எழுதி அந்த வண்டியைப் போடுறீங்க. அன்னைக்குப் போய்ப் பார்த்தா பரண்ல பாத்திரமும் புத்தகமுமா 20 பெட்டி. ஒன்றரை அடிப் பெட்டி ஒண்ணு 3.4 கன அடி, 20 பெட்டின்னா 68. மொத்தம் 518. அடைக்கவே முடியாது, ஏன்னா 500-ங்கிறது இண்டு இடுக்கு இல்லாம நிரப்பினாத்தான். அப்ப இன்னொரு குட்டியானை வேணும், இல்ல பெரிய வண்டிக்கு மாத்தணும். ரேட் ஏறுறது இங்கதான்.

அதனால கேப்ஷன்ல "வீடியோ கால்ல பரண், பால்கனி, பின்கட்டு மூணையும் காட்டுங்க"ன்னு சொன்னாப் போதும். சர்வேயில எப்பவும் விட்டுப் போறது அந்த மூணு இடம்தான். மாடி எத்தனை, லிஃப்ட் உண்டா, லாரி வாசல் வரை வருமா, இதையும் ரெண்டு வீட்டுக்கும் கேட்டுக்கணும். சாமான் லிஸ்ட் போட்டு எழுத்துல கொடுத்த கொட்டேஷன், அந்த லிஸ்ட்டும் முகவரியும் மாறாத வரைக்கும் மாறாதுன்னு முதலாளி ஒத்துக்கிட்டா அதையே முதல் வரியா வைங்க. பயத்தைக் குறைக்க அதைவிட நல்ல வரி கிடையாது.

மாம்பலம்_வாசி:
இன்சூரன்ஸ் பத்திப் பேசுறீங்களே, எனக்கு ஒரு வழி சொல்லுங்க. மதுரையில இருந்து வந்தப்ப 2 லட்சத்துக்குக் கவர் எடுத்திருந்தோம். டின்னர் செட் பெட்டியில பாதி உடைஞ்சது. நாங்களே கட்டின பெட்டின்னு சொல்லித் தர மறுத்துட்டாங்க. டிவிக்கும் கேட்டதைவிடக் கம்மியாத்தான் வந்துச்சு. அப்ப கவர் எடுக்கிறதே வீண்தானே?

சரக்கு_மேசை:
இந்த இழை கேப்ஷனுக்கு. ஆனா உங்க கேஸ் இங்க உதவும், சொல்றேன்.

வீட்டுக்காரர் கட்டின பெட்டிக்குள்ள என்ன இருந்தது, எப்படிச் சுத்தியிருந்ததுன்னு மூவர்ஸுக்குத் தெரியாது. பேக்கிங் போதாததால வர்ற சேதத்தைப் பாலிசியும் பொதுவா ஏத்துக்காது. உடையுற சாமானை மட்டுமாவது அவங்க ஆளையே கட்டச் சொல்லணும்.

டிவிக்குக் குறைஞ்சதுக்குக் காரணம் பெரும்பாலும் மதிப்பு. சாமான் மொத்தம் 4 லட்சம் பெறும், பிரீமியம் குறையட்டும்னு 2 லட்சம்னு எழுதியிருந்தா, 30,000 ரூபாய்ச் சேதத்துக்கு அதே விகிதத்துல 15,000-தான் வரும். பழைய சாமானுக்குத் தேய்மானமும் கழிப்பாங்க. உங்க பாலிசியில எப்படி எழுதியிருக்குன்னு பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். டெலிவரி ரசீதுல கையெழுத்துப் போடும்போது சேதத்தை அங்கேயே எழுதி, போட்டோ எடுத்திருந்தீங்களா?

மாம்பலம்_வாசி:
ரசீதுல ஒண்ணும் எழுதல. மறுநாள்தான் பிரிச்சோம்.

சரக்கு_மேசை:
எழுதாதது பலவீனம்தான், அதோட எல்லாம் முடிஞ்சதுன்னு இல்ல. எழுத்துல நோட்டீஸ் கொடுக்க, புக் பண்ணின நாள்ல இருந்து 180 நாள் அந்தச் சட்டத்துல இருக்கு. தாமதிக்காம இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மூவர்ஸுக்கும் ரெண்டு பேருக்கும் எழுதுங்க.

விளம்பர_வரி:
இதையெல்லாம் கேப்ஷன்ல போட்டா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க.

சரக்கு_மேசை:
எல்லாத்தையும் போடச் சொல்லல. நகை, பணம், பத்திரம் கவர்ல வராது, சொந்தமாக் கட்டின பெட்டி வராது, மதிப்புக் குறைச்சா தொகை குறையும். இந்தப் பட்டியல் கொட்டேஷன் தாள்ல, கையெழுத்துக்கு மேல இருக்கணும். கேப்ஷன்ல அதுக்கு வழி காட்டினாப் போதும். "100% பாதுகாப்பு" மட்டும் எங்கேயும் வேண்டாம். அது பொய்யாப் போற அன்னைக்கு அதே பதிவுக்குக் கீழ வந்து எழுதுவாங்க.

அபார்ட்மென்ட்_செயலாளர்:
புக்கிங் நாள் பத்தி. "வண்டி கிடைக்காது"ங்கிறதைவிட, அந்த நாட்கள்ல என்னென்ன வேலை இருக்குன்னு சொல்லுங்க. நிறைய அடுக்குமாடிகள்ல வீடு மாத்த சங்கத்துக்கு முன்கூட்டியே கடிதம் தரணும், குறிப்பிட்ட நேரம்தான் லிஃப்ட் கொடுப்பாங்க, ஞாயிற்றுக்கிழமை சில இடத்துல அனுமதியே இல்ல. ஏ.சி. கழட்டத் தனியா ஆள் வரணும், அது முந்தின நாளே முடியணும். ஃப்ரிட்ஜும் முந்தின நாளே காலி பண்ணி ஐஸ் உருகி வடியணும். பைக் போறதுன்னா பெட்ரோல் வடிக்கணும். கேஸ் சிலிண்டரை ஏத்தக்கூடாது, ஏஜென்சியில இணைப்பை மாத்திக்கணும். அதுக்கே ரெண்டு மூணு நாள் அலையணும்.

நம்ம ஊர்ல இன்னொண்ணு. ஆடியிலயும் மார்கழியிலயும் பலர் வீடு மாத்த மாட்டாங்க. அதனால ஆவணியும் தையும் பிறந்ததும் முகூர்த்த நாள் எல்லாம் நிரம்பிடும். பள்ளி திறக்கிறதுக்கு முந்தின வாரமும், மாசக் கடைசியும் முதல் தேதியும் அதே மாதிரி.

திருச்சி_பக்கம்:
ஊருக்குள்ளன்னா 7 நாள், வெளியூர்னா 15 நாள்னு போடலாமா? முதலாளி சொல்ற கணக்கு இது.

சரக்கு_மேசை:
போடலாம். கூடவே "நாள் குறைவா இருந்தாலும் கேளுங்க"ன்னு ஒரு வரி சேருங்க. திடீர்னு டிரான்ஸ்ஃபர் வந்தவங்க 15 நாள்னு படிச்சதுமே விட்டுட்டுப் போயிடுவாங்க. மாசத்துல நடுவுல இருக்கிற வார நாள்னா மூணு நாள்லகூட முடியும்.

நான் எழுதினா இப்படி:

"லிஸ்ட் போட்டு எழுத்தில் தந்த ரேட், லிஸ்ட்டும் முகவரியும் மாறாதவரை மாறாது.
வீடியோ காலில் 20 நிமிடம் போதும். பரண், பால்கனி, பின்கட்டு மூன்றையும் காட்டுங்கள். இரண்டு வீட்டிலும் எத்தனாவது மாடி, லிஃப்ட் உண்டா, லாரி எதுவரை வரும் என்று கேட்டுக்கொள்வோம்.
திருச்சிக்குள் மாறினால், நாங்கள் கட்டிய சாமானுக்கு நாங்களே பொறுப்பு. வெளியூர் என்றால் நீங்கள் சொல்லும் மதிப்புக்கு டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுத்து, வண்டி கிளம்பும் முன் உங்கள் பெயரில் சர்டிஃபிகேட் தருவோம். எது அடங்கும், எது அடங்காது என்பது கொட்டேஷனிலேயே இருக்கும்.
ஊருக்குள் 7 நாள், வெளியூருக்கு 15 நாள் முன்பு சொன்னால் ஏ.சி. கழற்றுவது, அபார்ட்மென்ட் அனுமதி எல்லாம் நிதானமாக முடியும். நாள் குறைவா? அப்போதும் கேளுங்கள், இருக்கும் தேதியைச் சொல்கிறோம்."

விளம்பர_வரி:
நல்லா இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா 3%-ஐ மறைச்ச மாதிரி இல்லையா? பின்னால சொன்னா அதுவும் சண்டைதான்.

சரக்கு_மேசை:
கொட்டேஷன்ல தனி வரியா ரூபாய்ல வரணும், அது கட்டாயம். 4 லட்சம்னா 12,000. கேப்ஷன்ல வேண்டாம்னு நினைக்கிறேன், அது எந்த மதிப்புக்குன்னு தெரியாம வெறும் சதவீதம் மட்டும் மனசுல நிக்கும்.

அபார்ட்மென்ட்_செயலாளர்:
எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கட்டணம் உண்டுன்னாவது ஒரு வார்த்தை வேணும். "இன்சூரன்ஸ் எடுத்துத் தருவோம்"னு படிச்சா இலவசம்னுதான் தோணும்.

திருச்சி_பக்கம்:
"தனிக் கட்டணம், கொட்டேஷனில் ரூபாயில் இருக்கும்"னு அந்த வரியிலேயே சேர்த்து முதலாளிகிட்ட காட்டுறேன். ஒண்ணு விட்டுப்போச்சு: சென்னைக்கு ரெண்டு மூணு வீட்டுச் சாமானைச் சேர்த்து ஒரே வண்டியில அனுப்புறதும் உண்டு. அதுக்கும் இதே கேப்ஷன் போதுமா?

சரக்கு_மேசை:
போதாது. சேர்த்து அனுப்பினா வண்டி நிரம்புற வரைக்கும் சாமான் குடோன்ல நிக்கும், போய்ச் சேர்ற நாள் முன்னப்பின்ன ஆகும். குடோன்ல நிக்கிற நாட்களுக்குப் பாலிசி பொருந்துமான்னு முதல்ல சர்டிஃபிகேட்டைப் பாருங்க, அப்புறம் அதுக்குத் தனிப் பதிவு எழுதலாம்.