தியேட்டரில் கிறுக்கிய குறிப்பை ஆபரேஷன் நோட்டாக எழுதுவது எப்படி? (அப்பெண்டிக்ஸ் கேஸ்)

கேள்வி: தருமபுரி ஹவுஸ் சர்ஜன்

வணக்கம். தருமபுரியில் சர்ஜரி போஸ்டிங்கில் இருக்கிறேன். நேற்று ராத்திரி எமர்ஜென்சியில் 24 வயது ஆணுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். சீஃப் சொல்லச் சொல்ல ஒரு தாளில் கிறுக்கினேன். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

எஸ்.ஏ. / ரைட் கிரிட் அயர்ன் / பஸ் 50 மி.லி., கல்ச்சர் / ரெட்ரோசீகல், டிப் பெர்ஃப், பேஸ் ஓகே / மீசோ லைகேட் / பேஸ் ட்ரான்ஸ்ஃபிக்ஸ் 2-0 விக்ரில் / வாஷ் / மெக்கல் – / ட்ரெய்ன் + / லேயர்ஸ் / பி.எல். மினி

இதையே வாக்கியமாக்கி ஒரே பத்தியாக கேஸ் ஷீட்டில் எழுதிக் கொடுத்தேன். "ஃபைண்டிங்ஸ் எது, ஸ்டெப்ஸ் எது என்று பிரித்து எழுதிக்கொண்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சீழ் எதில் வரும்? வயிற்றைத் திறந்ததும் பார்த்தது, அப்புறம் உறிஞ்சி எடுத்தது, இரண்டும்தானே? தாளில் இல்லாத விஷயங்களை என்ன செய்வது?

பதில் 1: ஜூனியர் கன்சல்டன்ட்

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? நான் கம்ப்யூட்டரில் ஒரு அப்பெண்டிக்ஸ் நோட் வைத்திருக்கிறேன். பெயர், வயது, தேதி மாற்றினால் முடிந்தது. ஆபரேஷனுக்கு முன் டயக்னோசிஸ், பின் டயக்னோசிஸ், செய்த ஆபரேஷன், சர்ஜன், உதவியாளர், மயக்கம், கீறல், ஃபைண்டிங்ஸ், ஸ்டெப்ஸ், குளோஷர், ஸ்பெசிமன், ரத்த இழப்பு, பிறகான ஆர்டர்ஸ் என்று தலைப்பெல்லாம் வரிசையாக இருக்கும். நூறு அப்பெண்டிக்ஸ் போட்டாலும் ஸ்டெப்ஸ் ஒன்றுதான்.

பதில் 2: கிருஷ்ணகிரி சர்ஜன்

தலைப்புகளைப் பொறுத்தவரை மேலே சொன்னது சரி, அந்த வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள். தலைப்புக்குக் கீழே முன்கூட்டியே நிரப்பி வைத்த வாக்கியங்கள்தான் ஆபத்து. அச்சடித்த நோட்டுகள் பலவற்றில் "மெக்கல் இல்லை" என்ற வரி தானாகவே இருக்கும். இந்தத் தாளில் "மெக்கல் –" என்று ஒரு கோடு. தேடிப் பார்த்து இல்லை என்பதா, தேடவே இல்லை என்பதா? சாதாரணமாக இலியோசீகல் சந்திப்பிலிருந்து குடலை இரண்டு அடி வரை வெளியே எடுத்துப் பார்ப்போம். ஆனால் ஓட்டை விழுந்து சீழ் இருக்கும் வயிற்றில், தொற்று பரவும் என்று பலர் அதைச் செய்வதில்லை. சீஃப் தேடாமல் விட்டு நீங்கள் "இல்லை" என்று எழுதினால், அடுத்த வருடம் அதே பையன் வயிற்று வலியோடு வரும்போது பார்க்கிற டாக்டர் அந்த வரியை நம்பி மெக்கலை மறந்துவிடுவார். கேட்டுவிட்டு எழுதுங்கள், தம்பி. தேடவில்லை என்றால் "தேடவில்லை" என்றே எழுதலாம், அதில் வெட்கமில்லை.

சீழ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கை படும் முன்பே உள்ளே இருந்தது ஃபைண்டிங்; உங்கள் கை செய்தது ஸ்டெப். சீழ் எங்கே, எவ்வளவு என்பது ஃபைண்டிங். அதை உறிஞ்சியதும் கல்ச்சருக்கு எடுத்ததும் ஸ்டெப். இரண்டிலும் வரும், ஆனால் வேறு வேறு வரியாக. உங்கள் தாளை நான் இப்படிப் பிரிப்பேன்:

ஃபைண்டிங்ஸ்: சுமார் 50 மி.லி. சீழ், எங்கே என்று கேட்டு எழுதவும். அப்பெண்டிக்ஸ் சீகத்துக்குப் பின்னால், நுனியில் ஓட்டை. அடிப்பகுதி நன்றாக உள்ளது. மெக்கல்: (கேட்டு எழுதவும்).

ஸ்டெப்ஸ்: ஸ்பைனல் மயக்கத்தில், மல்லாந்த நிலையில், வலது கிரிட் அயர்ன் கீறல். எக்ஸ்டெர்னல் ஆப்ளிக் அதன் நார்ப் போக்கிலேயே பிரிக்கப்பட்டது; உள் தசைகள் வெட்டாமல் விலக்கப்பட்டன. பெரிட்டோனியம் திறந்து சீழ் கல்ச்சருக்கு எடுக்கப்பட்டது, மீதி உறிஞ்சப்பட்டது. மீசோஅப்பெண்டிக்ஸ் கட்டி வெட்டப்பட்டது. அடிப்பகுதி 2-0 விக்ரிலால் ட்ரான்ஸ்ஃபிக்ஸ் செய்து அப்பெண்டிக்ஸ் அகற்றப்பட்டது. கழுவி, ட்ரெய்ன் வைத்து, அடுக்கடுக்காக மூடப்பட்டது.

தசையைப் பிரித்த வரி உங்கள் தாளில் இல்லை. கிரிட் அயர்ன் என்றாலே அதுதான் வழி, அதனால் எழுதினேன். இருந்தாலும் நீங்கள் கண்ணால் பார்த்தபடி நடந்ததா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில நேரம் இடம் போதாமல் தசையை வெட்டி கீறலை நீட்டுவார்கள், அது கட்டாயம் நோட்டில் வர வேண்டும்.

"பேஸ் ஓகே" என்ற இரண்டு சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நாலாம் நாள் காய்ச்சலும் வலியும் வந்தால் கட்டிய இடம் விட்டுப்போயிருக்குமோ என்பதும் ஒரு சந்தேகமாக வரும். அடிப்பகுதி அழுகியிருந்ததா, திடமாக இருந்ததா என்று அன்றைக்குத் திருப்பிப் பார்ப்பது இந்த வரியைத்தான்.

இன்னொன்று, பின் டயக்னோசிஸ். முன் டயக்னோசிஸை அப்படியே காப்பி அடிப்பது வழக்கமாகிவிட்டது. உள்ளே போகும்போது "அக்யூட் அப்பெண்டிசைட்டிஸ்", வெளியே வரும்போது "நுனியில் ஓட்டை விழுந்த அப்பெண்டிசைட்டிஸ், சீழுடன்". ஆன்டிபயாடிக்கை எத்தனை நாள் தொடர்வது என்பதே இதை வைத்துத்தான்.

பதில் 3: ஓசூர், இன்சூரன்ஸ் டெஸ்க்

கிளெய்ம் ரிஜெக்ட் ஆனதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்களிடம் ஒரு கேஸில் அனுமதி வாங்கியது லேப்ராஸ்கோப்பிக்கு. நோட்டில் ஸ்டெப்ஸ் ஓப்பன். நடுவில் மாற்றியதாக ஒரு வரி கூட இல்லை. க்வெரி மேல் க்வெரி வந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள், டாக்டர்.

பதில் 2: கிருஷ்ணகிரி சர்ஜன்

அவர் கேட்டது கிளெய்ம் இல்லை, சார். ஆனாலும் நீங்கள் சொன்னதும் நோட்டில் வர வேண்டியதுதான். மாற்றியதற்குக் காரணம் உள்ளே பார்த்த ஏதோ ஒன்று என்றால், அது ஃபைண்டிங்ஸில் வரும்.

பதில் 4: தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ்

தம்பி, உங்கள் தாளில் இல்லாதது பாதி தியேட்டரிலேயே எழுதி இருக்கும். பஞ்சு, கருவி எண்ணிக்கை கவுன்ட் ஷீட்டில். ட்ரெய்ன் சைஸையும் சிஸ்டர் குறித்திருப்பார்கள். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், கொடுத்த ஆன்டிபயாடிக் அனஸ்தீசியா சார்ட்டில். அப்பெண்டிக்ஸ் பயாப்ஸிக்குப் போனதா என்று ஸ்பெசிமன் ரெஜிஸ்டரில் பாருங்கள். உங்கள் கிறுக்கலில் கல்ச்சர் மட்டும்தான் இருக்கிறது. "கவுன்ட் சரி" என்று நீங்களாக எழுதாதீர்கள், ஷீட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

"ட்ரெய்ன் +" என்றால் எங்கே? முனை பெல்விஸிலா, சீகத்துக்குப் பக்கத்திலா? கீறல் வழியாகவா, தனி ஓட்டை வழியாகவா? எடுக்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி அக்கா, நன்றி சார். சீஃபைக் கேட்டுவிட்டேன். மெக்கல் தேடவில்லையாம், அந்தக் கோடு அதற்குத்தான். ட்ரெய்ன் 24 சைஸ், முனை பெல்விஸில், தனி ஓட்டை. பயாப்ஸி ரெஜிஸ்டரில் பதிவாகியிருக்கிறது.

இரண்டு சந்தேகம் பாக்கி. இன்று எழுதுவதற்கு நேற்றைய நேரம் போடலாமா? "பி.எல். மினி" என்பதை மினிமல் என்றே விடலாமா?

பதில் 2: கிருஷ்ணகிரி சர்ஜன்

ஆபரேஷன் நடந்த நேரம் தனி, நோட் எழுதிய நேரம் தனி. இரண்டையும் போடுங்கள். எழுதியவர் என்று நீங்கள் கையெழுத்திட்டு, கீழே சர்ஜனிடம் கையெழுத்து வாங்குங்கள். ரத்த இழப்புக்கு நான் மி.லி. கணக்கில்தான் எழுதச் சொல்வேன்.

பதில் 1: ஜூனியர் கன்சல்டன்ட்

அளக்காத ஒன்றுக்கு எண் போடுவதும் கற்பனைதானே, சார்? சக்ஷனில் வந்தது சீழும் கழுவிய தண்ணீரும். "மினிமல்" என்பதாவது உண்மை.

பதில் 4: தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ்

நனைந்த பஞ்சை எண்ணிப் பார்த்து "சுமார்" என்று போடுகிற யூனிட்டும் உண்டு, மினிமலோடு விடுகிற யூனிட்டும் உண்டு. உங்கள் சீஃப் எதைக் கேட்கிறாரோ அது. தோல் தைத்தார்களா, திறந்து விட்டார்களா? "லேயர்ஸ்" என்பதில் அது தெரியவில்லையே. சீழ் கேஸில் தோலை மட்டும் விட்டுவிட்டு நாலைந்து நாள் கழித்துத் தைப்பவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்

தோல் மூடியது பி.ஜி. அண்ணன். அந்த நேரம் நான் பயாப்ஸி ஃபார்ம் எழுதப் போயிருந்தேன், பார்க்கவில்லை. அவர் சாயங்காலம் டியூட்டிக்கு வருகிறார். கேட்டுவிட்டு அந்த வரியை எழுதி, அப்புறம்தான் கையெழுத்துக்குக் கொடுப்பேன்.