மறு: பேட்டரி மூப்பால் வரும் வேகக்குறைப்பு, சொல் வேண்டும்

கதிர்:
மொழிபெயர்ப்புக் கோப்பில் போனின் வேகக்குறைப்பைச் சொல்லும் இரண்டு இடங்களிலும் 'வெப்பத் தணிப்பு' என்று இருக்கிறது. ஒன்று சூட்டால் வருவது, மற்றது பழைய பேட்டரியால் வருவது. இரண்டாவதற்கு 'மூப்புத் தணிப்பு' போதுமா? கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் போன் தானே வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

நிலா:
பாதி சரி. சதவீதம் அடையாளந்தான், வேகத்தைக் குறைப்பது மின்னழுத்தத் தொய்வு. பேட்டரி பழசாகப் பழசாக அதன் உள்மின்தடை கூடும். ஒரு கணக்குக்கு, 25 சதவீத சார்ஜில் சும்மா இருக்கும்போது 3.7 வோல்ட் என்று வையுங்கள். கேமில் வெடிப்புக் காட்சி வந்ததும் 3 ஆம்பியர் இழுக்கிறது. புதிதில் மின்தடை 0.1 ஓம் என்றால் 0.3 வோல்ட் இறங்கி 3.4-இல் நிற்கும். பழசில் 0.2 ஓம் ஆகிவிட்டால் 3.1-க்குப் போய்விடும், போன் சட்டென்று அணையலாம். அதைத் தவிர்க்கத்தான் சிப்பின் உச்ச வேகத்தைக் குறைக்கிறார்கள். 2 ஆம்பியரில் நிறுத்தினால் அதே பழைய பேட்டரி 3.3-இல் தாங்கும், ஆனால் பிரேம்கள் குறையும். பழைய ஐபோன்களில் எதிர்பாராமல் ஒருமுறை அணைந்த பிறகுதான் இந்தக் கட்டுப்பாடு தொடங்கும் என்பதையும் கவனியுங்கள். எல்லா ஆண்ட்ராய்டிலும் இது இருக்கும் என்று சொல்ல முடியாது. சில நேரே அணைந்துவிடும்.

முருகேசன்:
என் போனுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. கால் மணி நேரம் ஆடியதும் திணறுகிறதே, அதற்கும் இதே சொல்தானா?

நிலா:
இல்லைங்க, உங்களுடையது சூடு. போன் குளிர்ந்திருக்கும்போதே, குறைந்த சார்ஜில், கனமான காட்சி வந்த நொடியில் திணறினால்தான் தொய்வு. குளிரில் இன்னும் மோசமாகும். சார்ஜரைச் செருகிப் பாருங்கள். மின்சுமையில் ஒரு பங்கை அது ஏற்பதால் உடனே சரியானால் பெரும்பாலும் தொய்வுதான். ரொம்ப நேரம் வைத்துச் சோதிக்காதீர்கள், சார்ஜ் ஏறும் சூடு முடிவைக் குழப்பிவிடும். ஆண்ட்ராய்டில் எண்ணையும் பார்க்கலாம்:

```
adb shell cat /sys/class/power_supply/battery/voltage_now
```

வருவது பெரும்பாலும் மைக்ரோவோல்ட்: 3312000 என்றால் 3.312. சில போன்களில் அனுமதி மறுக்கும். `adb shell dumpsys battery` எல்லாவற்றிலும் ஓடும், ஆனால் அதன் மதிப்பு மெதுவாகத்தான் மாறும், நொடிப்பொழுது தொய்வு அதில் சிக்காது.

செல்வி:
சொல்லுக்கு வருவோம். 'வெப்பத் தணிப்பு' என்றால் சூட்டைக் குறைப்பது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார், ஏதோ விசிறி ஓடுவதுபோல. இங்கே குறைவது வேகம். 'வெப்ப வேகமடக்கம்', 'தொய்வு வேகமடக்கம்' என்று வைத்தால் காரணமும் செயலும் தெரியும். மூப்பைச் சேர்க்க வேண்டாம். புது பேட்டரிகூடக் கடுங்குளிரில் தொய்யும்.

கதிர்:
'தொய்வு வேகமடக்கம்' அமைப்புப் பட்டியலின் ஒரு வரிக்குள் அடங்கவில்லை, சின்னத் திரையில் வெட்டுப்படுகிறது. 'தொய்வடக்கம்' என்று சுருக்கலாமா?

செல்வி:
அப்படிச் சொன்னால் தொய்வையே அடக்குவதாகிவிடும். நிலா சொன்ன கணக்கில் ஆம்பியரைக் குறைத்ததும் தொய்வும் 0.6-இலிருந்து 0.4 ஆகிறதே, அதனால் முழுத்தவறு என்றும் சொல்லமாட்டேன். விளக்கப் பக்கத்தில் நீண்ட சொல்லைப் போட்டுவிடுங்கள். பட்டியலுக்கு வேறு யாராவது சொல்லட்டும்.