போஸ்டரில் க்யூஆர் கோடு மாற்றிய அனுபவம்: தனியாக ஸ்கேன் ஆகிறது, போஸ்டரில் ஏறியதும் ஆகவில்லை

கண்டனூரான்
கோயில் திருப்பணி போஸ்டர், போன வருடத்து டிசைனேதான். வங்கிக் கணக்கு மாறியதால் கோடு மட்டும் புதிது. டிடிபி கடையில் கோடைத் தனியாக ஸ்கேன் செய்து காட்டினார்கள், பெயர் சரியாக வந்தது, அப்புறம் போஸ்டரில் வைத்து அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். வாசலில் ஒட்டிய அன்று சாயங்காலம் பெரியப்பா போனைப் பக்கத்தில் கொண்டுபோகிறார், தள்ளிப் பிடிக்கிறார், சாய்க்கிறார், ஒன்றும் வரவில்லை. கடைசியில் போனைப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அது இன்னும் மனதை உறுத்துகிறது. போஸ்டர் பின்னணி முழுக்க ஆத்தங்குடிக் கல் டிசைன், மெரூனும் கறுப்பும். பழைய கோடுக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டி இருந்தது. புதியது பின்னணி இல்லாத பிஎன்ஜி, வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் மெரூன் தெரிகிறது.

தேவகோட்டைப் பேத்தி
இதற்கு ஒரே வழி, கோடு உருவாக்கும்போது எரர் கரெக்‌ஷனை H என்று வைப்பது. 30 சதவீதம் அழிந்தாலும் படிக்கும். நான் கல்யாணப் பத்திரிகைக்கு அப்படித்தான் போட்டேன், நடுவில் குத்துவிளக்குப் படமே வைத்தேன், எல்லாருக்கும் வேலை செய்தது.

அச்சகத்து அண்ணன், காரைக்குடி
தங்கச்சி, பத்திரிகையில் நீங்கள் வைத்தது சின்ன மேப் லிங்க், அதனால் தாங்கியது. இங்கே H உதவாது, கெடுதல்தான். அந்த 30 சதவீதம் கோடுக்குள் இருக்கும் கட்டங்களுக்கு மட்டும். கோடைச் சுற்றி நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை விட வேண்டும், அங்கே டிசைன் கறுப்பு வந்து முட்டினால் கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்பதே கேமராவுக்குப் பிடிபடாது.

கண்டனூர்த் தம்பி கோடை எனக்கு அனுப்பினார். உள்ளே கோயில் பெயரைத் தமிழிலேயே போட்டிருந்தார்கள். யுபிஐ லிங்கில் ஒரு தமிழ் எழுத்து `%E0%AE%95` மாதிரி ஒன்பது குறியாக விரியும், காலோ கொம்போ சேர்ந்தால் பதினெட்டு. மொத்தம் 110 குறி ஆகிவிட்டது. எரர் கரெக்‌ஷன் H-ஐவிடக் குறைந்த M அளவில் அது பக்கத்துக்கு 45 கட்டம், சுற்று வெள்ளையோடு 53. போஸ்டரில் இடம் 300 பிக்சல், அப்படியானால் ஒரு கட்டத்துக்கு ஐந்தரைக்குச் சற்று மேல். அரைப் பிக்சல் வந்தால் ஓரமெல்லாம் சாம்பலாகக் கலங்கும். அதையே H-இல் போட்டால் 57 கட்டம், இன்னும் பொடிசாகும்.

பெயரைச் சுருக்கி ஆங்கில எழுத்தில் போட்டு, குறிப்பு வரியை எடுத்தேன். ஐம்பது குறிக்குள் வந்தது, 33 கட்டம், வெள்ளையோடு 41. கட்டத்துக்கு 7 பிக்சல் என்றால் 287, அதே இடத்தில் உட்காருகிறது. பெயர் சுருங்கியதே என்று கவலை வேண்டாம், பணம் அனுப்பும்போது வங்கியில் பதிவான பெயர் வரும். முதலில் கெட்டியான வெள்ளைப் பெட்டி, அதன் மேல் கோடு. போட்டோஷாப்பில் அளவு மாற்றும்போது 'Nearest Neighbor' தேர்ந்தெடுக்க வேண்டும், இழுத்து நீட்டக் கூடாது.

சோதிப்பது கோடை அல்ல, முடிந்த போஸ்டர் ஃபைலை. கம்ப்யூட்டரில் கோடு படிக்கும் zbarimg நிரலை நான் இப்படி ஓட்டுவேன்:

```
zbarimg --raw -q poster.png
```

உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே கொட்டும். அதைப் புது ஐடியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும், 'ஸ்கேன் ஆகிறது' என்பது மட்டும் போதாது. அப்புறம் போஸ்டரை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, அமுங்கி வந்த படத்தை இன்னொரு போனால் பாருங்கள், ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் போய்ச் சேரப் போகிறது. கடைசியாக நிஜ அளவில் ஒரே ஒரு பிரின்ட்.

கோட்டையூர் பலகாரக் கடை
எங்களுக்கும் இதே கதைதான். கடைப் போஸ்டரில் மெனு கோடு வைத்தோம், நன்றாக ஓடியது, கொஞ்ச நாளில் ஏதோ பணம் கட்டச் சொல்லும் பக்கம் திறக்கிறது. கைமுறுக்கு வாங்க வந்த ஆச்சி ஒருவர், "என்னப்பா, எங்கிட்டயே காசு கேக்குது?" என்று போனை நீட்டினார்.

தேவகோட்டைப் பேத்தி
அது வேறு விஷயம் அண்ணே. இலவசத் தளம் தன் லிங்கைக் கோடுக்குள் வைத்திருக்கும், கெடு முடிந்ததும் பூட்டிவிடும். உங்கள் லிங்கையே நேராக வைத்துப் புதுக் கோடு எடுங்கள். அச்சக அண்ணனுக்கு ஒன்று: வெயிலும் மழையும் படுகிற வாசல் போஸ்டருக்கு H வேண்டும் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன்.

அச்சகத்து அண்ணன், காரைக்குடி
இடம் பெரிதாக இருந்தால் தாராளமாகப் போடலாம். 300 பிக்சலில் முடியாது.

கண்டனூரான்
அண்ணன் சொன்னபடி மாற்றி ஒட்டியாகிவிட்டது. பெரியப்பா போனில் உடனே வந்தது, புதுக் கணக்கின் பெயர்தான். சித்தப்பாவின் பழைய போனில் மட்டும் பகலில் வருகிறது, இரவு வாசல் டியூப் லைட்டில் வரவில்லை. லேமினேஷன் பளபளப்பா, போன் கேமராவா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.