மறு: மறு: திரும்ப ஓட விடலாமான்னு பாக்கிற சோதனைக்கு என்ன சொல்?

கவிதா:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூட பி.டி. வாத்தியார்களுக்கு ஒரு சின்ன கையேடு மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்கு போயாகணும். தொடைக்கு பின்னாடி தசை கிழிஞ்ச பசங்களை வலி போனதும் அப்படியே ஓட விடாம, சில சோதனை வச்சு பாத்துட்டு விடணும்னு ஒரு பக்கம் வருது. அந்த சோதனைகளுக்கு பொதுவா "தகுதிச் சோதனை"ன்னு போட்டேன். படிச்சுப் பாத்த வாத்தியார் ஒருத்தர் "இது மாவட்டப் போட்டிக்கு செலக்‌ஷனா, இல்ல லாரிக்கு எஃப்.சி.யா"ன்னு கேட்டுட்டார். வேற சொல் வேணும். ஹாம்ஸ்ட்ரிங்குக்கு பின்தொடைத் தசைன்னு வச்சாச்சு, அதுல சண்டை வேண்டாம் ப்ளீஸ்.

இளங்கோ:

"தொடைப் பின்தசை"ன்னு இருக்கணும், ஆனா சண்டை வேண்டாம்னு சொன்னதால விட்டுடறேன். கேட்ட சொல்லுக்கு வருவோம். திரும்புதலுக்கு நம்மகிட்ட "பெயர்தல்" இருக்கே, புறநானூற்றுல பொன்முடியார் "களிறு எறிந்து பெயர்தல்"னு சொன்னது மீண்டு வர்றதைத்தான். அதனால "களம்பெயர் தேர்வு"ன்னு வைக்கலாம்.

கவிதா:

ஐயா, அந்தப் பாட்டுல வர்ற இளைஞன் யானையை வீழ்த்திட்டு களத்துலேர்ந்து வீட்டுக்கு வர்றான். என் பையன் வீட்டுலேர்ந்து களத்துக்கு போகணும். திசையே தலைகீழ். போதாததுக்கு புலம்பெயர் மாதிரி கேக்குது, ஊரை விட்டே ஓடறான்னு நினைப்பாங்க.

முருகேசன்:

இதுக்கு ஏன் இவ்வளவு சோதனை, ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து தசை ஒட்டிக்கிச்சான்னு பாத்தா தெரிஞ்சிடாது? "ஆற்றறிவு"ன்னு வைங்க, ஆறிடுச்சான்னு அறியறது. ஆறாவது அறிவு மாதிரியும் இருக்கும்.

செந்தில்:

முருகேசன் அண்ணே, கிழிஞ்ச அன்னிக்கு எங்க எவ்வளவுன்னு பாக்க ஸ்கேன் உதவும், அது சரிதான். ஆனா திரும்ப விடறப்ப அதை நம்ப முடியாது, நல்லா ஓடற ஆளுக்கே படத்துல வெள்ளையா திட்டு இன்னும் தெரியும். அது முழுசா மறையட்டும்னு காத்திருந்தா சீசன் போயிடும்.

நான் பிசியோ, சொல்லாக்கத்துல எனக்கு வேலை இல்ல, ஆனா எதுக்கு பேர் வைக்கிறோம்னு தெரியட்டும்னு ஒரு பையனை சொல்றேன். பதினேழு வயசு, 100 மீட்டர் ஓடறவன், பின்தொடையில கிழிசல். பதினெட்டாம் நாள் வந்து "அண்ணா வலியே இல்ல, ஞாயித்துக்கிழமை மீட் இருக்கு"ன்னு நிக்கிறான். விரலால தசை நெடுக அழுத்திப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. குப்புற படுக்க வச்சு முட்டியை மடிச்சு இழுக்க சொன்னேன், கையில பிடிக்கிற மீட்டர்ல நல்ல கால் 24 கிலோ, அடிபட்ட கால் 23. இதோட விட்டிருந்தா பாஸ். அடுத்து மல்லாக்க படுக்க வச்சு, தசை நல்லா நீண்டு இருக்கிற மாதிரி தொடையை மேல தூக்கி முட்டியை கொஞ்சமா மட்டும் மடிச்சு குதிகாலை கீழ அழுத்த சொன்னேன். நல்ல கால் 28, அடிபட்ட கால் 19. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போச்சு, நாங்க பொதுவா வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள்ள வரட்டும்னு பாப்போம். வேகமா ஓடறப்ப கால் முன்னாடி வீசி, பாதம் தரையில படறதுக்கு சத்த முன்னாடிதான் இந்த தசை ரொம்ப நீண்டுகிட்டே பிரேக் பிடிக்குது, பெரும்பாலும் அப்பத்தான் கிழியுது. மடிச்ச நிலையில மட்டும் அளந்தா அந்தக் குறை கண்ணுக்கே படாது.

தர்சினி:

வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில விளையாட்டுப் பயிற்றுநர். நாங்கள் தகுதிக்கு "தகைமை" எண்டுதான் சொல்லுறனாங்கள். "மீள்களத் தகைமை" எண்டு போட்டால் இங்க விளங்கும்.

கவிதா:

அக்கா, சொல் அழகா இருக்கு. ஆனா இங்க தகைமைன்னா விருது குடுக்கிற மேடை ஞாபகம் வந்துடும்.

பாலு:

எனக்கும் இதே பிரச்சனை, ஷட்டில் ஆடறப்ப கெண்டைக்கால்ல யாரோ கல்லால அடிச்ச மாதிரி சுருக்னு ஒரு வலி, திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. மூணு வாரம் ஆச்சு, தைலம் போட்டு வலி போச்சு, நாளைக்கு ஆடலாமா? படி ஏறறப்ப ஒண்ணும் தெரியல.

செந்தில்:

பாலு சார், படி ஏறறது போதாது. சுவத்தை லேசா தொட்டுக்கிட்டு நல்ல கால்ல மட்டும் நின்னு குதிகாலை முழு உயரத்துக்கு தூக்கி தூக்கி இறக்குங்க, எத்தனை முடியுதுன்னு எண்ணுங்க, அப்புறம் அடிபட்ட கால். நல்ல கால் 25ம் இது 14ம் வந்தா நாளைக்கு ஆட்டம் இல்ல. எண்ணிக்கை ஒண்ணா வந்தாலும் கடைசில உயரம் குறையுதான்னு பாருங்க. அது சமமான பிறகு ஒத்தைக்கால்ல குதிச்சுப் பாக்கணும். கெண்டைக்கால் முழுக்க வீங்கி இருந்தாலோ சூடா இருந்தாலோ இதெல்லாம் செய்யாம டாக்டரைப் பாருங்க.

இளங்கோ:

செந்தில் தம்பி சொன்ன 24, 23 கதையில என் கண்ணு வேற இடத்துல நின்னுடுச்சு. பழந்தமிழ்ல வலின்னா வலிமை. குறள்ல ஒரு அதிகாரமே "வலியறிதல்", வினைவலியும் தன்வலியும் மாற்றான்வலியும் துணைவலியும் தூக்கிப் பாத்து செய்யணும்னு. தூக்குதல்னா சீர்தூக்கறது, மீட்டர்ல அளக்கறதும் அதுதானே. அந்தப் பையன் "வலியே இல்ல"ன்னு சொன்னது உண்மை, அவனுக்கு ரெண்டு வலியுமே இல்ல! சொல் கிடைச்சாச்சு, "வலியறி சோதனை". வினைவலிங்கிறது 100 மீட்டர், தன்வலிங்கிறது பின்தொடை, துணைவலிக்கு...

கவிதா:

ஐயா சிரிச்சு முடியல. ஆனா வலியறி சோதனைன்னா எந்த வாத்தியாரும் அழுத்திப் பாத்து வலிக்குதான்னு கேக்கறதுன்னுதான் எடுத்துக்குவார். நான் எதை தடுக்கணும்னு எழுதறேனோ அதுவே நடந்துடும்.

செந்தில், கையேட்டுல இன்னொரு இடம் இடிக்குது. முட்டி மடங்காம கட்டை கட்டி, மல்லாக்க படுத்து காலை எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா மேல வீசற சோதனை. அதுல வலியை கேக்காம "பாதுகாப்பின்மை" இருக்கான்னு கேக்கணுமாம். அச்சம்னு போடவா?

செந்தில்:

அது ஸ்வீடன்ல ஆஸ்க்லிங்னு ஒருத்தர் கொண்டு வந்தது, எச் டெஸ்ட்னு சொல்வோம். மத்த எல்லா சோதனையும் சுத்தமா வந்த பிறகுதான் அதை செய்யணும், முன்னாடி செஞ்சா அதுலயே கிழிச்சுடுவோம். அச்சம்னா மனசு பயம்னு ஆயிடும். அந்தப் பையனுக்கு இன்னும் ரெண்டு வாரம் பயிற்சி குடுத்து வித்தியாசம் பத்துக்குள்ள வந்த பிறகு இதை செஞ்சேன். மெதுவா ஒரு தடவை, அப்புறம் முழு வேகத்துல மூணு தடவை. வலி இல்லன்னான், ஆனா ரெண்டாவது தடவை கால் பாதியிலயே தயங்கி நின்னுச்சு, "என்னமோ கூசுதுண்ணா"ன்னான். பல் கூசற மாதிரி. அந்த ஒரு வார்த்தை போதும், ஓட விடல. ஆறு நாள் கழிச்சு மறுபடி வீசினான், கூச்சம் இல்ல. அதுக்கப்புறம்தான் மைதானத்துல படிப்படியா முழு வேகம், அதையும் ஒரே நாள் இல்லாம வேற வேற நாள்ல, பயிற்சி முடிஞ்சு களைச்ச நேரத்துலயும் ஓட விட்டுப் பாத்தேன்.

இதெல்லாம் பாஸ் ஆனா திரும்ப கிழியவே கிழியாதான்னு கேட்டா, அப்படி எந்த சோதனையும் சொல்லாது. முதல் சில வாரம் எப்பவும் ஆபத்துதான். அதனால "தகுதி"ன்னு முத்திரை குத்தற மாதிரி சொல் வேண்டாம்ங்கறது என் கட்சி.

தர்சினி:

கூச்சம் எண்டால் இங்க வெக்கம் எண்டும் வரும். ஆனால் "கால் கூசுது" எண்டு முழுசாப் போட்டால் பிரச்சனை இல்லை.

கவிதா:

அப்போ அந்த இடத்துல "கால் கூசுதா?"ன்னு கேள்வியாவே போட்டுடறேன். தலைப்பு "திரும்ப ஓடத் தயாரா? – சோதனைகள்". ஆறு பேர் சரின்னு தனிமடல் போட்டாச்சு, ரெண்டு பேர் பேசாம இருக்காங்க. இன்னிக்கு ராத்திரி அனுப்பறேன்.

இளங்கோ:

தயார் உருது வழியா வந்த சொல், அணியம்னு நல்ல சொல் இருக்கு. என் எதிர்ப்பை பதிவு பண்ணிக்கோங்க. அடிக்குறிப்பாவாவது வலியறிதல் வரணும்.

பாலு:

செந்தில் சார், எண்ணிப் பாத்தேன். நல்ல கால் 22, இது 9. பத்தாவதுக்கு குதிகால் எழும்பவே இல்ல. ஷட்டில் பேட்டை பரண்ல போட்டுட்டேன்.