பதவி உயர்வுக்கு நன்றி மெயில்: ‘தாங்கள்’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா?

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமை உதவி மேலாளராகப் பதவி உயர்வு வந்தது. பரிந்துரைத்தவர் எங்கள் பொது மேலாளர். அவருக்கு நன்றி மெயில் எழுத இரண்டு நாளாகத் திணறுகிறேன்.

முதலில் எழுதியது: “மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் என் மீது வைத்த நம்பிக்கைக்கு மனமார்ந்த நன்றி.” இதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் போலிருக்கிறது. அடுத்தது: “சார், மார்ச் மாதம் ஜிஎஸ்டி கணக்கு உதைத்த அன்று, ராத்திரி ஒன்பது மணி வரை கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாகச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதை மறக்கவே மாட்டேன்.” என் மனசில் இருப்பது இதுதான். ஆனால் பதவி உயர்வு மெயிலில் எச்ஆரும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் போகும்படி பதில் போட்டால் என் பழைய தவறும் பதிவாகிவிடும், காக்கா பிடிப்பதாகவும் தோன்றலாம்.

அதனால் அவருக்கு மட்டும் தனி மெயில், ‘சார்’, ‘நீங்கள்’, கற்றுக்கொடுத்ததற்கு ஒரே வரி. மார்ச் கதையை நேரில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவர் எல்லோரிடமும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். மேலாளராக இருப்பவர்கள் சொல்லுங்கள்: இப்படி வந்தால் உங்களுக்கு மரியாதைக் குறைவாகப் படுமா? நாளை காலை அனுப்ப வேண்டும்.