ஒலிநூல் மாதிரி அத்தியாயம் திரும்பி வந்தால்: குரல் கொடுப்பவர்கள் கண்டவை

தேன்மொழி

ஒரு நாவலுக்கு மாதிரியாக ஒலிநூல் நிறுவனத்துக்கு அனுப்பிய 12 நிமிடப் பதிவு திரும்பி வந்திருக்கிறது. "இரைச்சல் அதிகம், குரல் தாழ்வாக இருக்கிறது, வரி முடிவுகள் கேட்கவில்லை" என்று குறிப்பு. அளந்து பார்த்தால் ஒலியின் சராசரி அளவான ஆர்எம்எஸ் -27 டெசிபல், உச்சம் -6, பேசாத இடத்தில் இரைச்சல் -52. அவர்கள் கேட்பது ஆர்எம்எஸ் -23க்கும் -18க்கும் நடுவில், உச்சம் -3க்குக் கீழே, இரைச்சல் -60க்குக் கீழே. மைக் வாயிலிருந்து ஓர் அடி தள்ளி இருந்தது, மின்விசிறி மெதுவாக ஓடியது. ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுகிறது. எதை முதலில் சரிசெய்வது? கூலியும் "முடிந்த ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு" என்கிறார்கள். நாவல் 60,000 சொற்கள். அந்தக் கணக்கும் பிடிபடவில்லை.

கார்த்தி

மைக்கை மாற்றுங்கள். நல்ல கண்டென்சர் மைக் வாங்கினால் இரைச்சல் தானாகக் குறையும். அதுவரை ஆடாசிட்டி மென்பொருளில் `Noise Reduction` இருக்கிறது. பேசாத இரண்டு நொடியைத் தேர்ந்து காட்டிவிட்டு முழுப் பதிவுக்கும் போட்டால் -52 என்பது -65க்கு இறங்கிவிடும்.

நாழிகை

கார்த்தி சொல்வதில் பாதி சரி. நல்ல கண்டென்சர் மைக்கின் சொந்த இரைச்சல் குறைவுதான். ஆனால் தேன்மொழியின் பதிவில் கேட்பது மைக்கின் இரைச்சல் அல்ல, விசிறியும் அறையும். நுணுக்கமான மைக் அதை இன்னும் தெளிவாக எடுத்துக்கொடுக்கும். `Noise Reduction` 6 டெசிபல் அளவில் போட்டால் பெரிய கேடு இல்லை. 12, 13 என்று ஏற்றினால் குரலுக்குப் பின்னால் தண்ணீர் சலசலப்பது போல ஒன்று வரும். அதோடு, சொல் முடிவில் மெல்லத் தேயும் 'ழ்', 'ள்', 'ஸ்' எல்லாம் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். வரி முடிவு கேட்கவில்லை என்று ஏற்கெனவே குறிப்பு வந்த பதிவுக்கு அது இரட்டைக் கேடு.

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். குரலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி 25 டெசிபல். கணினியில் எவ்வளவு கூட்டினாலும் குறைத்தாலும் அந்த 25 மாறாது. 6 கூட்டினால் ஆர்எம்எஸ் -21க்கு வந்து தேறும், ஆனால் இரைச்சல் -46க்கு ஏறிவிடும், உச்சமும் பூஜ்யத்தைத் தொடும். குரல் -21இல் நிற்கும்போது இரைச்சல் -60க்குக் கீழே இருக்க வேண்டுமானால் இடைவெளி குறைந்தது 40 வேண்டும். அதை அறையில்தான் உண்டாக்க முடியும்.

முதல் வேலை, மைக்கை ஓர் அடியிலிருந்து அரை அடிக்குக் கொண்டுவருவது. தூரம் பாதியானால் வாயிலிருந்து நேராகப் போகும் குரல் சுமார் 6 டெசிபல் உயரும். உடனே பதிவுக் கருவி ஒலியைக் கூட்டும் அளவான கெய்னை அதே 6 அளவுக்குக் குறையுங்கள். குரல் பழைய -27இலேயே நிற்கும், அறை இரைச்சல் -58க்கு இறங்கும். செலவே இல்லாமல் இடைவெளி 31 ஆகிவிட்டது. அடுத்தது விசிறி. அதை நிறுத்தி, கதவிடுக்கைத் துணியால் அடைத்துவிட்டு, யாரும் பேசாமல் 30 நொடி பதிவு செய்து அளந்து பாருங்கள். விசிறிதான் முக்கியக் காரணம் என்றால் எண் கண்ணெதிரே இறங்கும். இறங்கவில்லை என்றால் குளிர்பெட்டி, மடிக்கணினியின் உள்விசிறி, தெரு என்று ஒவ்வொன்றாக நிறுத்தியும் நகர்த்தியும் தேட வேண்டும்.

அந்த 30 நொடி வெறும் பதிவை அழித்துவிடாதீர்கள். அத்தியாயத்தின் தொடக்கத்தில் அரை நொடி, முடிவில் இரண்டு மூன்று நொடி அமைதி கேட்பார்கள். இருமலை வெட்டிய இடத்தையும் நிரப்ப வேண்டியிருக்கும். அங்கே கணினி உண்டாக்கும் சுத்த மௌனத்தை வைத்தால், ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு இணைப்பு அறுந்தது போல இருக்கும். உங்கள் அறையின் அமைதியைத்தான் வைக்க வேண்டும்.

அரை அடிக்கு நெருங்கியதும் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதும். மைக்கை நேர் எதிரே வைக்காமல் வாயின் ஓரத்துக்குச் சாய்வாக வையுங்கள், காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டரும் போடுங்கள். இன்னும் நெருங்கி நான்கு விரல் தூரத்துக்குப் போனால் அடிக்குரல் கனத்துவிடும். சிலருக்கு அது பிடிக்கும். பத்து மணி நேரம் கேட்கும் நூலுக்கு ஒத்துவராது.

வானம்பாடி

விளம்பரத்துக்கு இவ்வளவு அளவெல்லாம் பார்க்க வேண்டாம். சுத்தமான பதிவைக் கொடுத்தால் போதும், இசையோடு கலக்கும்போது அவர்களே ஏற்றி இறக்கிக்கொள்வார்கள். அங்கே பிரச்சினை நேரம். 30 நொடி விளம்பரத்துக்குத் தமிழில் 45 சொல் தாண்டினாலே அவசரம் தெரியும். ஆங்கில மூலத்தை வைத்து நேரம் குறித்துவிட்டுத் தமிழில் எழுதித் தருவார்கள், தமிழ்ச் சொல் நீளம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தாளில் '1,999' என்று ஒரு சொல்லாகத் தெரியும். 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது' என்று வாயால் சொன்னால் இரண்டு நொடி போய்விடும். எழுத்துப்படி வந்ததும் எண்களையெல்லாம் எழுத்தால் எழுதி, கடிகாரம் வைத்து ஒருமுறை படித்து, மீறினால் பதிவுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கூலி பேசும்போது எந்த ஊடகம், எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். வானொலிக்கு மூன்று மாதம் என்று கொடுத்த குரல் இணையத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடினால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

தேன்மொழி

நன்றி, ஆனால் என்னுடையது விளம்பரம் இல்லை, நாவல். அளவு கேட்பது நான் இல்லை, அவர்கள்தான்.

ஏட்டுச்சுவடி

ஒலிநூல் பதிவுகளைப் பிரதியோடு ஒப்பிட்டுக் கேட்டுத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். "வரி முடிவு கேட்கவில்லை" என்ற குறிப்பை அளவுக் கோளாறு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அது வாசிப்புக் கோளாறு.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. நீண்ட வாக்கியத்தைப் படித்து முடிக்கும்போது மூச்சும் முடிந்து, குரல் இறங்கிவிடும். ஆனால் வந்தது அவனா அவளா என்பது அந்தக் கடைசி ஒற்றில்தான் இருக்கிறது. 'திரும்பிப் பார்த்தான்', 'திரும்பிப் பார்த்தாள்' இரண்டும் 'பார்த்தா' என்று தேய்ந்தால், உரையாடல் மாறி மாறி வரும் பக்கத்தில் கேட்பவருக்கு யார் என்றே தெரியாது. கடைசிச் சொல்லுக்கு முன்னால் மிகச் சிறியதாக ஓர் இடைவெளி விட்டு, வினையைப் புதிய மூச்சில் முடித்துப் பாருங்கள். உரக்கச் சொல்ல வேண்டியதில்லை, 'ன்', 'ள்' இரண்டையும் நாக்கு முழுதாக முடித்தால் போதும்.

இன்னொன்று பெயர்கள். நம் எழுத்தில் 'பாலா' என்று இருந்தால் முதல் ஒலி வன்மையா மென்மையா என்று எழுத்தே சொல்லாது. பழகிய பெயர் என்பதால் அது பிழைத்துவிடும். கதையில் வரும் பழக்கமில்லாத பெயர், வேற்றுமொழிப் பெயர் வந்தால் ஊகிக்கத்தான் முடியும். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு மாதிரியும் ஒன்பதாம் அத்தியாயத்தில் வேறு மாதிரியும் படித்துவிட்டால் அந்தப் பெயர் வரும் ஒவ்வொரு வரியும் மறுபதிவுதான். முழு நூலையும் ஒருமுறை கண்ணால் படித்து, ஐயமுள்ள பெயர்களைப் பட்டியலிட்டு, ஒலியை எழுத்தாளரிடமே குரல் செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மூச்சொலியை முழுதாக வெட்டி எடுக்கவும் வேண்டாம். வெட்டினால் இயந்திரம் படிப்பது போலாகிவிடும். காதில் உறுத்தும் மூச்சை மட்டும் தணியுங்கள்.

கார்த்தி

மூச்சை முழுதாக எடுத்துத்தான் கொடுக்கிறேன். இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.

ஏட்டுச்சுவடி

சில நிறுவனங்கள் அப்படித்தான் கேட்கின்றன. கேட்டுவிட்டுச் செய்வதே நல்லது.

சுடர்

கூலிக் கணக்கு விட்டுப்போயிற்று. 'முடிந்த மணி நேரம்' என்றால் கேட்பவர் காதில் ஓடும் ஒரு மணி நேரம், நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம் அல்ல. முதலில் நாவலின் நடுவிலிருந்து 1,000 சொற்களை நிதானமாகப் படித்து நேரம் பாருங்கள். 10 நிமிடம் ஆனால் 60,000 சொல்லுக்கு 600 நிமிடம், அதாவது 10 மணி நேர நூல். ஒரு மணி நேரத்தை உருவாக்க, தடுமாற்றங்களோடு படிக்க இரண்டு மணி, வெட்டி ஒட்ட மூன்று மணி, பிரதியை வைத்துக்கொண்டு கேட்க ஒரு மணி என்று ஆறு மணி நேரம் எளிதாகப் போகும். புதியவருக்கு இன்னும் கூடும். அவர்கள் சொன்ன தொகையை ஆறால் வகுங்கள். வருவதுதான் உங்கள் உண்மையான மணிக்கூலி. அது கட்டுப்படியாகவில்லை என்றால், வெட்டி ஒட்டும் வேலையை அவர்களே செய்துகொள்வார்களா என்று கேளுங்கள். தொகை குறையும், உங்கள் ஆறு மணி மூன்றாகவும் குறையும்.

எழுத்தில் வாங்க வேண்டியது மறுபதிவு. உங்கள் உச்சரிப்புப் பிழைக்கு நீங்கள் இலவசமாகத் திருத்தித் தர வேண்டும். பதிவு முடிந்தபின் அவர்கள் வரியை மாற்றினால் அது தனிக் கட்டணம். இந்த இரண்டையும் பிரிக்காமல் 'திருத்தங்கள் உட்பட' என்று கையெழுத்திட்டால் வேலை முடியவே முடியாது. மாதிரி கேட்டால் இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். முழு அத்தியாயத்தை மாதிரியாகக் கேட்பது எச்சரிக்கை. பதிவுக் கட்டணம் கட்டு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தேன்மொழி

அரை அடி தூரம், விசிறி இல்லை, கெய்ன் குறைத்தாயிற்று. புதிய பதிவில் ஆர்எம்எஸ் -26, உச்சம் -5, இரைச்சல் -65. ஆர்எம்எஸ்ஸை -20க்கு ஏற்றினால் இரைச்சல் -59இல் நிற்கிறது. ஒரு டெசிபலில் தவறுகிறது.

நாழிகை

-20 வரை ஏன் ஏற்றுகிறீர்கள்? அவர்கள் கேட்பது -23க்கும் -18க்கும் நடுவில்தானே. `Loudness Normalization`இல் ஆர்எம்எஸ் -22 கொடுங்கள். நான்குதான் ஏறும், இரைச்சல் -61இல் நிற்கும். உச்சம் -1க்கு வரும், அதை `Limiter` கொண்டு -3.5இல் கட்டுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் `Filter Curve`இல் 'Low roll-off for speech' போட்டால் 100 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள உறுமல் போகும். உங்கள் மிச்ச இரைச்சல் அந்தப் பக்கத்தில் இருந்தால் இரண்டு மூன்று டெசிபல் அதிலேயே கிடைக்கும். மடிக்கணினி எங்கே இருக்கிறது? மைக்கின் முதுகுப் பக்கம் வருமாறு வைத்துப் பாருங்கள். கார்டியாய்டு மைக் என்றால் அந்தப் பக்கம்தான் குறைவாகக் கேட்கும்.

தேன்மொழி

மடிக்கணினி வலப்பக்கம் இருக்கிறது, மாற்றுகிறேன். இன்னொரு கேள்வி: உரையாடல்கள் வட்டார வழக்கில் இருக்கின்றன. எழுத்தில் உள்ளபடி படிப்பதா, பேசுவது போலவா?

ஏட்டுச்சுவடி

எழுத்தாளர் எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வானம்பாடி

ஒப்பமாட்டேன். 'வந்துட்டு இருக்கேன்' என்று எழுதியிருப்பதை எழுத்தெழுத்தாகப் படித்தால் பாத்திரம் செத்துவிடும், வாயில் 'வந்துட்டிருக்கேன்' என்றுதான் வரும். ஒரு பக்கத்தை இரண்டு விதமாகவும் படித்து அனுப்பி, அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.