கலைச்சொல்: மெய்நிகர் ஒளிபரப்பில் ‘லேட்டன்சி’க்கு ஒரு சொல் போதுமா?

மாதவி எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கணினியில் ஓடும் மெய்நிகர் விளையாட்டைக் கம்பியில்லாமல் ஹெட்செட்டுக்கு அனுப்பும் ALVR போன்ற செயலிகளின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பிட்ரேட்டைப் ‘பிட் வீதம்’ என்று எழுதிவிட்டேன். அதில் எனக்குத் தயக்கமில்லை. லேட்டன்சிக்கு எல்லா இடத்திலும் ‘தாமதம்’ என்று போட்டேன். ஆனால் சோதித்துப் பார்த்த நண்பர்களில் ஒருவர் கை நகர்ந்த பிறகு படத்திலுள்ள கை நகர்வதைத் தாமதம் என்கிறார். இன்னொருவர் படம் இடையிடையே தடுக்கி நிற்பதைத் தாமதம் என்கிறார். மூன்றாமவர் விளையாட்டு தொடங்க நெடுநேரம் ஆவதையே அப்படிச் சொல்கிறார். ஆங்கில இடைமுகத்தில் இவற்றுக்கு வெவ்வேறு சொற்கள் உள்ளன. நாமும் பிரிக்க வேண்டுமென்றால் எதை எப்படிப் பிரிப்பது?

நற்குணம் எழுதியது:

அன்புள்ள மாதவி, எங்கள் யாழ்ப்பாணத்தில் ‘பஸ் சுணங்கிப் போச்சு’ என்பது அன்றாடப் பேச்சு. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களிலும் ‘பணிகளில் சுணக்கம்’ என்று பார்க்கிறேன். ஆகவே ‘சுணக்கம்’ இரு கரையிலும் புரியும். சில பட்டியல்களில் இதற்கு ‘மறைநிலை’ என்றிருப்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். இலங்கைப் பாடநூலின் மறைவெப்பத்தையும் தமிழ்நாட்டுப் பாடநூலின் உள்ளுறை வெப்பத்தையும் மனத்தில் வைத்து, ‘லேட்டன்ட்’, ‘லேட்டன்சி’ என்ற ஒலியொற்றுமையை நம்பி எழுதப்பட்ட சொல்லாகவே அது எனக்குத் தோன்றுகிறது. இங்கே எதுவும் மறைந்திருக்கவில்லை. பிந்தி வருகிறது, அவ்வளவுதான்.

செல்வகுமார் எழுதியது:

சொல் எதுவானாலும் சரி, பயனர் அறிய வேண்டியது ஒன்றுதான்: பிட் வீதம் கூடினால் சுணக்கம் கூடும், குறைத்தால் மறையும். நான் 200 மெகாபிட்டிலிருந்து 50-க்கு இறக்கினேன். கை உடனே ஒட்டிக்கொண்டது. ஆகவே பிட் வீதத்தின் பக்கத்திலேயே ‘உயர்த்தினால் சுணங்கும்’ என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால் மூன்று சொல் தேவைப்படாது.

இளங்கோவன் எழுதியது:

செல்வகுமார் சொல்வதில் பாதி உண்மை உள்ளது. மீதிப் பாதிதான் மாதவியின் கேள்விக்கு விடை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஹெட்செட் நொடிக்கு 90 படங்களைக் காட்டுகிறது என்று கொள்வோம். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 11.1 மில்லிநொடி. பிட் வீதம் 200 மெகாபிட் என்றால் ஒரு படத்தின் பங்கு ஏறத்தாழ 2.2 மெகாபிட். ரவுட்டர் அதே அறையில் இருந்து, இணைப்பு வேகம் 1200 என்று திரையில் காட்டினாலும், உண்மையில் கிடைப்பது அதில் பாதியளவே என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும், ஒவ்வொரு அனுப்புதலுக்கும் ஒப்புகை வேண்டும் என்பதால் எப்போதும் பெரும் பகுதி கழிந்துவிடும். 600 மெகாபிட் கிடைத்தால் அந்தப் படம் காற்றைக் கடக்க ஏறக்குறைய 3.7 மில்லிநொடி ஆகும். 50-க்கு இறக்கினால் ஒரு மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். மிச்சம் மூன்று மில்லிநொடி கூட இல்லை. நல்ல அமைப்பிலேயே கணினி படம் வரைவது, அதைச் சுருக்குவது, காற்றில் அனுப்புவது, ஹெட்செட் அதை விரிப்பது, திரையில் காட்டுவது எல்லாம் சேர்ந்து 40, 50 மில்லிநொடி வரும்போது மூன்று குறைந்ததைக் கை உணர்ந்திருக்காது. பிட் வீதம் கூடும்போது ஹெட்செட் படத்தை விரிக்கும் நேரமும் கூடும் என்பது உண்மை. ஆனால் அதையும் சேர்த்தால்கூட ‘மறையும்’ என்று சொல்ல இடமில்லை.

அப்படியானால் செல்வகுமாருக்கு ஏன் அவ்வளவு வேறுபாடு தெரிந்தது? அவர் விளையாடும் அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவே கான்கிரீட் சுவர் இருக்கும் என்பது என் ஊகம். சுவருக்கு அப்பால் கிடைக்கும் வேகம் 250-க்கு இறங்கிவிட்டதென்றால் அதே 200 மெகாபிட் படம் கடக்க 8.9 மில்லிநொடி எடுக்கும். 11.1-க்குள் அடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் ஒரு பொட்டலம் தவறி மறுபடி அனுப்பப்பட்டாலே அடுத்த படத்தின் நேரத்துக்குள் நுழைந்துவிடும், அடுத்தது அதற்கடுத்ததைத் தள்ளும், வரிசை நீளும். அவர் 50-க்கு இறக்கியபோது வரிசை கரைந்தது. அவர் நீக்கியது இடைவிடாத சுணக்கத்தை அன்று, நெரிசலை. ரவுட்டரை அறைக்குள் கொண்டுவந்திருந்தால் 200-லேயே அது கரைந்திருக்கும், படமும் தெளிவாக இருந்திருக்கும்.

ஆகவே பயனர் பார்ப்பவை மூன்று. கை எப்போதும் ஒரே அளவு பின்தங்கினால் அது சுணக்கம். வலையமைப்புக்கான எண் 6 மில்லிநொடியில் நின்று, திடீரென்று 40-க்குத் தாவி மறுபடி 6-க்கு வந்தால் அது வேறு; அதற்குத்தான் ஜிட்டர் என்கிறார்கள். அந்த எண் மெல்ல ஏறிக்கொண்டே போய்ப் படமும் கட்டம் கட்டமாக உடைந்தால் வழி போதவில்லை என்று பொருள். மூன்றுக்கும் மருந்து வேறு.

கவின் எழுதியது:

வணக்கம். என் வீட்டில் 100 மெகாபிட் இணையத் திட்டம் இருந்தது. படம் தடுக்கியதால் 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறினேன். காசுதான் போனது, மாற்றமே இல்லை. கணினி, ஹெட்செட் இரண்டும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் இருக்கின்றன. ரவுட்டர் மேசைக்கு அடியில், கணினிப் பெட்டிக்குப் பின்னால். எந்தத் திட்டம் இந்த 200 மெகாபிட்டுக்குப் போதும் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இளங்கோவன் எழுதியது:

கவின், இங்கே பேசப்படுவது சொல்லைப் பற்றி. ஆனாலும் உங்கள் வீடு நல்ல எடுத்துக்காட்டு. விளையாட்டு உங்கள் கணினியிலேயே ஓடினால் படம் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. தனியாள் விளையாட்டில் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டாலும் ரவுட்டர் அதை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். சில செயலிகள் தொடங்கும்போது உரிமத்தைச் சரிபார்க்க மட்டும் இணையம் கேட்கலாம்.

உங்கள் கணினியும் வைஃபையில் இருப்பதால் ஒவ்வொரு படமும் காற்றை இருமுறை கடக்கிறது: கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு இன்னொரு முறை, அதுவும் ஒரே அலைவரிசையில் முறைவைத்து. 600 இருந்த இடத்தில் 300 என்று கணக்கிடுங்கள். கணினியை ஈதர்நெட் கம்பியில் இணைப்பதே முதல் வேலை. மற்ற எதையும் அதன் பிறகு பாருங்கள். கம்பியும் ரவுட்டரின் துளையும் ஒரு கிகாபிட் வகையாக இருக்கட்டும். 100 மெகாபிட் துளை உள்ள மலிவான ரவுட்டர்களில் 200 மெகாபிட் படம் புறப்படவே முடியாது.

அடுத்து, மேசைக்கு அடியில் இருப்பது. 5 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் நன்றாக உறிஞ்சும். நீங்கள் ரவுட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பும்போதெல்லாம் உங்கள் உடம்பே சுவராகிறது. கணினியின் இரும்புப் பெட்டி வேறு. தலைக்கு மேல் உயரத்தில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, விளையாடும் இடம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். கோல் வடிவ ஏரியல் செங்குத்தாக நின்றால் அதன் நுனிக்கு நேர் கீழே அலை வலுவற்றிருக்கும். அதனால் உச்சந்தலைக்கு நேர் மேலே மாட்டுவதைவிடச் சுவரின் மேல் மூலை நல்லது.

பிறகு 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் கிடைக்கிறதே என்று உடனே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 36-ஆம் அலைவரிசையில் தொடங்கும் 160 அகலத்தின் மேல்பாதி ராடாருடன் பகிரப்படும் பகுதி. ராடார் என்று ரவுட்டர் கருதினால் அந்தப் பகுதியை விட்டு விலகும்; ராடாருடன் பகிரும் இன்னொரு பகுதிக்குப் போக வேண்டுமானால் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகே பேசத் தொடங்கும். அகலமான வழி என்பதைவிட விட்டுவிட்டு அறுந்துபோகாத வழி மேல். 80 அகலத்தில் தொடங்கிப் பாருங்கள்.

செல்வகுமார் எழுதியது:

சுவர் இருப்பது உண்மைதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று இடிக்கிறது. 45 மில்லிநொடி பின்தங்கினால் தலையைத் திருப்பும்போது உலகமே இழுபட வேண்டாமா? எனக்கு அப்படித் தெரிவதில்லை. அந்த எண்ணே பொய்யோ என்று சந்தேகிக்கிறேன்.

இளங்கோவன் எழுதியது:

எண் பொய்யில்லை. திரையில் காட்டுவதற்குச் சற்று முன் ஹெட்செட் உங்கள் தலை இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, வந்து சேர்ந்த பழைய படத்தை அந்த அளவுக்குத் திருப்பிவைக்கிறது. அதனால் தலை திருப்பும்போது சுணக்கம் தெரியாது. வெடுக்கென்று திரும்பினால் ஓரத்தில் கறுப்புப் பட்டை எட்டிப் பார்க்கும், அதுதான் அது. ஆனால் விளையாட்டுக்குள் வரையப்பட்ட வாளையோ பந்தையோ ஹெட்செட் அப்படி நகர்த்திவைக்க முடியாது. அது கணினி வரைந்த நேரத்துக்குரிய இடத்திலேயே நிற்கும். தாளத்துக்கு வெட்டும் விளையாட்டில் 45-க்கும் 70-க்கும் வேறுபாடு தெரியும். விமானம் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அவர் 70-ஐப் பொறுத்துக்கொண்டு பிட் வீதத்தை உயர்த்தித் தூரத்து ஓடுபாதையைத் தெளிவாகப் பார்ப்பதே அறிவுடைமை.

மாதவி எழுதியது:

இளங்கோவன் அண்ணா, இது எனக்கு மிகவும் பயன்பட்டது. இதே வகைச் செயலியான விர்ச்சுவல் டெஸ்க்டாப்பின் அளவைப் பலகையும் விளையாட்டு, சுருக்கம், வலையமைப்பு, விரிப்பு என்று தனித்தனி வரிகளாகவே காட்டுகிறது. ஆகவே ‘மொத்தச் சுணக்கம்’, அதன் கீழே ‘வரைவுச் சுணக்கம்’, ‘சுருக்கச் சுணக்கம்’, ‘வழிச் சுணக்கம்’, ‘விரிப்புச் சுணக்கம்’ என்று எழுதலாமா? ‘வலையமைப்புச் சுணக்கம்’ பலகையின் அகலத்தில் அடங்கவில்லை. பிட் வீதத்தின் கீழே செல்வகுமார் கேட்ட குறிப்பை ‘வழி போதாதபோது உயர்த்தினால் நெரிசல் உண்டாகும்’ என்று மாற்றி எழுதுகிறேன். ஜிட்டருக்கு ‘நடுக்கம்’ என்று போடலாம் என்று நினைக்கிறேன்.

நற்குணம் எழுதியது:

‘வழிச் சுணக்கம்’ அழகாக உள்ளது. ‘சுருக்கச் சுணக்கம்’ என்பதில் சுணக்கமே சுருங்கியதாக வாசிக்கும் ஆபத்து இருக்கிறது. ‘குறியேற்றச் சுணக்கம்’ சற்று நீளம்தான், ஆனால் மயக்கமில்லை. ‘நடுக்கம்’ எனக்கு உடன்பாடில்லை. கை நடுங்கினாலும் படம் நடுங்கினாலும் அதே சொல்லைத்தான் மக்கள் சொல்வார்கள். இங்கே நடுங்குவது எதுவும் இல்லை, படங்கள் சீராக வந்து சேரவில்லை. ‘வருகைப் பிசகு’ என்று பாருங்கள்.

இளங்கோவன் எழுதியது:

பிசகு என்றால் ஒருமுறை தவறியது என்று படுகிறது. ஜிட்டர் 2 மில்லிநொடி அளவில் எப்போதும் இருக்கும். அது தவறு அன்று, அளவு. ‘சுணக்க அலைவு’ என்றால் சுணக்கத்தின் எண் ஏறி இறங்குவது நேராகப் புரியும்.

கவின் எழுதியது:

ரவுட்டரை அலமாரி மேல் ஏற்றிக் கணினிக்குக் கம்பி இழுத்தேன். வழிச் சுணக்கம் 7-இல் நிற்கிறது. ஆனாலும் அவ்வப்போது ஒரு கணம் 30-க்குத் தாவுகிறது. இது நற்குணம் ஐயாவின் பிசகா, இளங்கோவன் அண்ணாவின் அலைவா?

இளங்கோவன் எழுதியது:

ஒழுங்கான இடைவெளியில் தாவுகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் ஏதோ ஒரு கருவி அருகிலுள்ள வேறு வைஃபைகளைத் தேடுகிறது. ஹெட்செட் அப்படித் தேடும் ஒவ்வொரு முறையும் தன் அலைவரிசையை விட்டு ஒரு கணம் விலகும். ஒழுங்கில்லாமல் தாவினால் வீட்டில் வேறு யார் அதே 5 கிகாஹெர்ட்ஸில் படம் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். தொலைக்காட்சியையும் கைப்பேசிகளையும் 2.4-க்கு மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். எண்களை இங்கேயே எழுதுங்கள். மாதவி சொல்லை முடிவுசெய்ய உதவும்.